மேற்படியார் மீது வழக்கு ஏதும் இல்லை

காங்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்ப்பது ஒரு வேலையா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற மாடி தலையில் விழாமல் நிற்பதற்குக் காரணமே அந்த வேலைதான். தளத்துக்குப் போட்ட கலவையில் கொஞ்சம் எடுத்து சதுரக் கட்டியாக வார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, நாள் கணக்கு முடிந்ததும் எந்திரத்தில் ஏற்றி, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கட்டி எட்டுக் கிலோ. இந்தச் சோதனை நடக்கிற லேபுக்கு வேலைக்கு வந்த புதிதில் குச்சி மாதிரி இருந்த இந்தப் பெண், தொட்டிக்கும் எந்திரத்துக்கும் நாள் முழுக்கக் கட்டி சுமந்ததைப் பார்த்து அங்கே 'எட்டுக்கிலோ' என்று பேர் வைத்துவிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம். இப்போது அவள் கை குச்சி இல்லை. அந்தக் கையால் ஒருவனை ஓங்கி ஒரு அறை விட்டால் அவன் இரண்டு நாள் கஞ்சிதான் குடிப்பான். ஆனால் அவள் அறையக் கூடாது. ஏன் கூடாது என்பதுதான் கதை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கட்டுமானப் பொருள்கள் பற்றிய மேற்படிப்பு, அதுதான் அவள் ஆசை. முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டும்தான் போக முடியும். கல்விக்கடன் வாங்கலாமே என்றால், வங்கியில் கூடவே கையெழுத்துப் போட வீட்டில் சம்பாதிக்கிற ஆள் வேண்டுமாம். அவளைத் தவிர வீட்டில் அப்படி இருந்தது அண்ணன் ஒருவன்தான். ஒரே ஒரு தடவை அவனிடம் கேட்டாள். மறுநாள் லேபுக்கு இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். "கட்டி விழுந்துருச்சு" என்றாள். அங்கே எல்லோருக்கும் எப்போதாவது கட்டி விழும், அதனால் நம்பினார்கள்.

அண்ணனுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? தவணை கட்டாதவர்களின் வண்டியை நடுத்தெருவில் மறித்துப் பிடுங்கிக்கொண்டு வருகிற வேலை. வெளியில் செய்வதை வீட்டிலும் செய்வான். சாப்பாடு ஆறியிருந்தால் தட்டு பறக்கும், பதில் சொன்னால் கை பறக்கும். அடித்து முடித்ததும் அவன் சொல்கிற பழமொழி ஒன்று உண்டு. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்." இவளுக்கு வாய்த்தவன் அண்ணனும் அவனே, அடியும் அவனே. அப்பா இல்லை. அம்மா இருந்தாள். பக்கத்து வீட்டில் கேட்டால், "வழுக்கி விழுந்துட்டா" என்று சொல்வதற்காக இருந்தாள்.

அப்படிப்பட்ட வீட்டில் எட்டுக்கிலோ ஒரு திட்டம் போட்டாள். கட்டிடம் கட்டுகிறவர்கள் போடுவது போலவே போட்டாள். பீரோக் கதவின் உள்பக்கம், புடவைகளுக்குப் பின்னால், ஒரு பெரிய தாளை ஒட்டினாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு, கோடு தொடங்கும் தேதி, முடியும் தேதி. படித்த கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியலை முத்திரையிட்ட உறையில் வாங்குவது. பரிந்துரைக் கடிதம் எழுத இரண்டு பேரைப் பிடிப்பது. ஆங்கிலத் தேர்வு. படிப்புக்கு விண்ணப்பம். அது போன பிறகு உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம், அதோடு ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணும் கட்டாயம். கடைசியில் விசா. அஸ்திவாரம் காயாமல் சுவர் எழுப்ப முடியாது என்பது அவளுக்குத் தெரியும். எது தாமதித்தால் மொத்தமும் சரியுமோ அந்தக் கோடுகளுக்குச் சிவப்பு அடித்தாள்.

இன்னொன்றும் செய்தாள். சைட்டில் திட்டம் போடும்போது மழைக்கென்று சில நாள்களை ஒதுக்குவார்கள். மழை பெய்தால் அன்றைக்கு வேலை நடக்காது, அதைக் கணக்கில் வைக்காதவன் மடையன். எட்டுக்கிலோவும் மாதத்துக்குச் சில நாள்களை ஒதுக்கி 'மழை' என்று எழுதினாள். அண்ணன் அடித்த பிறகு எழுந்து உட்கார அவளுக்கு அவ்வளவு நாள் ஆகும். அனுபவத்தில் கண்ட கணக்கு.

அம்மா ஒருநாள் பீரோவைத் திறந்து தாளைப் பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை. கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக் கேட்டாள். மழை என்ன என்று மட்டும் கேட்கவில்லை. கடைசிக் கோட்டில் விரல் நின்றது.

"இது என்னடி, போலீஸு?"

"போலீஸ் சான்றிதழ்மா. விசாவுக்குக் கேப்பாங்க. என் மேல எந்தக் கேஸும் இல்லைன்னு போலீஸ் எழுதிக் குடுக்கணும்."

"அதை மொதல்லயே வாங்கி வச்சுக்க வேண்டியதுதானே?"

"சீக்கிரம் வாங்குனா காலாவதி ஆயிடும். உதவித்தொகை கெடைச்சப்புறம்தான் வாங்கணும். அதுவரைக்கும் என் பேர்ல ஒரு கேஸ் வரக் கூடாது."

"உன் மேல எவன் கேஸ் போடப் போறான்?"

மகள் அறைக்கதவைப் பார்த்தாள். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அவள் லேபிலிருந்து கொண்டுவந்த மிச்சக் கட்டி ஒன்று அங்கே முட்டுக் கொடுத்து நின்றது. போன மாதம் அண்ணன் அவள் முடியைப் பிடித்துத் தரையில் தேய்த்தபோது அவள் கை அந்தக் கட்டி மேல்தான் போய் விழுந்தது. தூக்கியிருந்தால் தூக்கியிருக்கலாம். போலீஸ் சான்றிதழை நினைத்துக் கையை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு இது தெரிந்ததோ இல்லையோ, "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று பெருமூச்சு விட்டாள்.

"பூமியெல்லாம் வேணாம்மா. ஒரு சீட்டு போதும்."

ஆங்கிலத் தேர்வுக்கு முதலில் குறித்த தேதியை மழை அடித்துக்கொண்டு போயிற்று. தேர்வு மையத்துக்குப் பாஸ்போர்ட்டின் அசல் வேண்டும். பதிவு செய்யும்போது கொடுத்த அதே எண், அதே புத்தகம். நகல் காட்டினால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அன்று காலை அண்ணன், காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, துவைக்கப் போட்ட சட்டையில் பொத்தான் போயிருந்தது, அவளை அறைக்குள் தள்ளி வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டான். பாஸ்போர்ட் உள்ளே, அவளும் உள்ளே, தேர்வு வெளியே. தேதி மாற்ற வேண்டுமானால் பல நாள் முன்பே கேட்டிருக்க வேண்டும். வராதவருக்குக் கட்டிய கட்டணமும் திரும்பாது. பட்டப்பகலில் பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் அடுத்த தேதியைத் தேடினாள். இருந்தது ஒரே ஒரு தேதி. அன்று எழுதினால்தான் உதவித்தொகைக்குக் கடைசி நாளுக்கு முன்னால் முடிவு கைக்கு வரும். அதற்கப்புறம் மழைக்கு இடமே இல்லை. அன்றிலிருந்து பாஸ்போர்ட் லேபில், வார்ப்பு அச்சுகள் வைக்கிற அலமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள் போயிற்று.

திட்டத்தில் ஓட்டை ஒன்றே ஒன்று. பரிந்துரைக் கடிதம் எழுதிய லேப் இன்சார்ஜ். தங்கமான மனிதர், வாய்தான் தகரம். பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்கே நேராக மெயில் வந்து, அதில் இருந்த இணைப்பில் போய் அவரே கடிதத்தை ஏற்றியிருந்தார். அந்தப் பூரிப்பு அடங்கவில்லை. தேர்வுக்கு முதல் நாள் சாயந்திரம் அண்ணன் ஏதோ வண்டி பிடிக்கப் போகிற வழியில் லேப் வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை அடுத்தவரைக் கெடுத்தது.

"தம்பி, வாழ்த்துகள்! தங்கச்சி நாளைக்கு இங்கிலீஷ் பரீட்சை எழுதுதாமே? பாஸ் பண்ணிட்டா ஃபாரின்தான். அப்புறம் நம்மையெல்லாம் மறந்துடாதீங்க!"

அண்ணன் சிரித்தபடி அவருக்குக் கைகூட கொடுத்தானாம். நேராக வீட்டுக்கு வந்தான். செருப்பை வாசலில் கழற்றினான். அதிலெல்லாம் ஒழுங்கு. உள்ளே வந்து தங்கையின் கழுத்தைப் பிடித்து பீரோவில் மோதினான்.

"எங்கடி பாஸ்போர்ட்டு?"

முதல் குத்து கண்ணில் விழுந்தது. இரண்டாவது காதோடு சேர்த்து விழுந்தது, உள்ளே ஏதோ குக்கர் விசில் மாதிரி கூவத் தொடங்கியது. மோதிய மோதலில் பீரோக் கதவு திறந்து புடவைகள் சரிந்தன. தாள் தெரிந்தது. அவன் படித்தான். எழுத்துக்கூட்டிப் படிப்பவன் என்று நினைத்துவிட வேண்டாம், வேகமாகவே படித்தான்.

"ஓஹோ. மாசாமாசம் மழை பெய்யுதா?" அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் அவனை வெறியாக்கியது. "என்னைத்தான்டி மழைன்னு எழுதி வச்சிருக்க! நீ போய்ட்டா இந்த வீட்டுக்கு எவ சம்பளம் வரும்? நான் தெருத்தெருவா நாய் மாதிரி அலையறேன், உனக்கு ஃபாரினு!"

இடுப்பில் ஒரு உதை. கவிழ்ந்தவளின் உதடு கட்டிலின் விளிம்பில் கிழிந்தது. ரத்தம் தாடையில் வழிந்தது. அவன் குனிந்து தாளின் கடைசிக் கோட்டைத் தட்டிக் காட்டினான்.

"கேஸ் இருக்கக் கூடாதாம்ல? அடிடி. ஒரே ஒரு அடி. ஸ்டேஷன்ல எல்லாரையும் எனக்குத் தெரியும். காயத்தைக் காட்டி நான் ஒரு கேஸ் குடுத்தா போதும், நீ இந்தத் தெருமுனையத் தாண்ட மாட்ட."

எட்டுக்கிலோ புரண்டு, இரண்டு கையையும் தன் முதுகுக்குக் கீழே வைத்து, அவற்றின் மேலேயே படுத்துக்கொண்டாள். அடிக்காமல் இருக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் மூச்சு வாங்கும்வரை அடித்தான். தாளைக் கிழித்துச் சுருட்டி அவள் மேல் எறிந்தான். அம்மா அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்தபடி, "போதும்டா, போதும்டா" என்றாள். குரலை உயர்த்திச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமாம். அடிப்பாவி அம்மா!

மறுநாள் அவன் எழுவதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள். லேப் போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனாள். ஒரு கண் மூடியே இருந்தது. அங்கே கைப்பேசி, கடிகாரம் எல்லாவற்றையும் வெளியே வாங்கி வைத்தார்கள். விரல் ரேகை எடுத்தார்கள். பிறகு புகைப்படம் எடுக்கிற நாற்காலி. பதிவு செய்கிற பெண் பாஸ்போர்ட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேடம், மூஞ்சி ஒத்துப்போகலையே."

"வீங்கியிருக்கு. நான்தான்."

அந்தப் பெண் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். அவர் பிறந்த தேதி கேட்டார், கையெழுத்துப் போடச் சொல்லி ஒப்பிட்டார், காது மடலையும் நெற்றி மச்சத்தையும் பார்த்தார். அவள்தான் என்று திருப்தியானதும் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா வேற தேதிக்கு மாத்திக்கலாம்மா. பணம் போகாது."

"மாத்துனா ரிசல்ட் எனக்கு லேட்டாயிடும் சார்."

பதிவு செய்கிற பெண்ணுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "இப்ப எடுக்கற போட்டோதாங்க மார்க் ஷீட்ல பிரிண்ட் ஆகும். அதைத்தான் யுனிவர்சிட்டில பாப்பாங்க. யோசிச்சுக்கோங்க."

"பாக்கட்டும். எடுங்க."

கேட்டு எழுதுகிற பகுதிக்கு ஹெட்போன் மாட்டியபோது உயிர் போய் வந்தது. வீங்கிய காதிலிருந்து அதை விலக்கி வைத்துவிட்டு ஒற்றைக் காதால் கேட்டாள். ஒற்றைக் கண்ணால் வாசித்தாள். கட்டுரையை நல்ல வேளையாக இரண்டு கையாலும் கணினியில் அடித்தாள். பேச்சுத் தேர்வில் எதிரே இருந்த அம்மாள் வழக்கமான கேள்விகளைத்தான் கேட்டார். எங்கே வசிக்கிறீர்கள், வீடா அடுக்குமாடியா, வீட்டில் உங்களுக்குப் பிடித்த அறை எது.

"குளியலறை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். உதட்டின் தையல் போடாத வெட்டு பிளந்துகொண்டது.

"ஏன்?"

"அதற்கு மட்டும்தான் உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது."

அந்த அம்மாளின் பேனா நின்றது. வேறு எதுவும் கேட்க அவருக்கு அனுமதி கிடையாது போலும். அடுத்த கேள்விக்குப் போனார்.

சில நாள்களில் முடிவு வந்தது. கேட்ட மதிப்பெண்ணுக்கு மேலேயே இருந்தது. உதவித்தொகை விண்ணப்பத்தில் அதை ஏற்றி, கடைசி நாளுக்கு முன்பே அனுப்பியும் விட்டாள். அச்சிட்ட மதிப்பெண் தாளை வீட்டில் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மாவுக்கு அதில் இருந்த ஆங்கிலம் தெரியாது. படம் தெரிந்தது. முழுக்க மூடிய இடது கண், வெடித்த உதடு, கழுத்தில் நாலு விரலின் தடம். பக்கத்தில் மகளின் பெயர், தேதி, முத்திரை.

"இதையா அனுப்பின?"

"ஆமா."

"ஃபாரின்ல இருக்கறவங்கல்லாம் இதைப் பாப்பாங்களா?"

"பாத்திருப்பாங்க."

"வழுக்கி விழுந்தேன்னு சொல்லலியா?"

"எங்கேயும் கேக்கலம்மா. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

இத்தனை வருஷமாகப் பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டாமல் அம்மா பொத்திப் பொத்தி வைத்தது, முத்திரை குத்திக் கடல் தாண்டிப் போய்விட்டது. அம்மா தாளை மடிக்கவில்லை. மடித்தால் முகத்தின் நடுவில் கோடு விழும் என்று தட்டையாகவே பீரோவில் வைத்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

உதவித்தொகை கிடைத்துவிட்டது. முழுதாகக் கிடைத்தது. இனி பாக்கி விசா, அதற்கு முன்னால் போலீஸ் சான்றிதழ். ஆன்லைனில் பதிவு செய்து நேரில் போக ஒரு வெள்ளிக்கிழமை காலை கிடைத்தது. அசல் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். போகிற அன்று லேப் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, உடை மாற்ற வீட்டுக்கு வந்தாள். பெரிய தப்பு. வாசலில் செருப்பு கிடந்தது. அண்ணன் கூடத்தில் நின்றிருந்தான்.

அவன் இந்தத் தடவை பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. நிதானமாக வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டான்.

"அடி."

அவள் விலகினாள். அடுத்த அறை.

"அடிடி. கையெல்லாம் நல்லா உரமேறிப் போயிருக்கே. அடி."

கைப்பேசியை எடுத்து அலமாரித் தட்டில் சாய்த்து வைத்தான். அதில் படம் பதிவாகிக்கொண்டிருந்தது. தன் முகத்தை அவள் முகத்துக்கு அருகே நீட்டி, "இங்க. ஒண்ணே ஒண்ணு" என்று தாடையைத் தட்டிக் காட்டினான். பிறகு அவள் வயிற்றில் முட்டியால் இடித்தான். அவள் சுருண்டபோது முடியைப் பிடித்து நிமிர்த்தினான். எட்டுக்கிலோவுக்குக் கண் இருட்டியது. வலது கை தானாக மூடி, முஷ்டியாகி, தோளுக்கு மேலே ஏறியது. இவ்வளவு நாள் படுத்துக் காப்பாற்றிய கை. அவன் அதைப் பார்த்துவிட்டான். வாயெல்லாம் பல்.

"ஆங், அப்படித்தான். வா!"

அந்தக் கை இறங்குவதற்குள் தரையில் தொம் என்று ஒரு சத்தம். அதற்கு மேல் அண்ணனின் அலறல்.

அம்மா அறைக்கதவில் முட்டுக் கொடுத்திருந்த கட்டியை இரண்டு கையாலும் மாரோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, அவன் வெறுங்காலின் மேல் போட்டுவிட்டிருந்தாள். எலும்பு முறிந்த சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. அவன் தங்கையின் முடியை விட்டுவிட்டு, பாதத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தான். பாதம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்து உப்பியது. கட்டிக்கு ஒரு மூலைகூடத் தெறிக்கவில்லை. நல்ல கலவை.

"அம்மா! என் கால்! பைத்தியமா உனக்கு? உன் மேல கேஸ் போடுவேன், உள்ள தள்ளிருவேன்!"

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. குனிந்து மறுபடியும் கட்டியைத் தூக்கினாள். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவள் அதை அவன் மேல் போடவில்லை. அவனுக்கும் மகளுக்கும் நடுவில் தரையில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"போடுடா. தாராளமாப் போடு. உன் போன்ல படம்கூட ஓடுது, எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டு" என்றாள். குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. "வழுக்கி விழுந்தேன்னு சொல்லாத, நான்தான் போட்டேன்னு சொல்லு. கேஸு அவ மேலதான் இருக்கக் கூடாது. நான் எந்த ஊருக்குடா போகப் போறேன்?"

பிறகு மகள் பக்கம் திரும்பினாள். ஓங்கிய கை இன்னும் காற்றிலேயே நின்றது.

"கையை எறக்குடி" என்றாள். "நேரமாச்சு, போ."